வேலை போனால் தவணையை யார் கட்டுவார்?

வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போடும் நாளில், தாள்களுக்கு நடுவே காப்பீட்டு விண்ணப்பம் ஒன்றும் இருக்கும். "சார், நாளைக்கே வேலை போயிட்டாலும் பயமில்லை. மூணு மாச இ.எம்.ஐ.யை இன்ஷூரன்ஸ்காரங்க கட்டிடுவாங்க" என்று வங்கி ஊழியர் சொல்வார். கேட்பவருக்கு ஆறுதலாக இருக்கும். இருபது வருடக் கடனை எண்ணித் தூக்கம் கெட்டிருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வாக்கியமே போதும், கையெழுத்து விழுந்துவிடும்.

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படியொரு பாதுகாப்பு உண்மையிலேயே உண்டு. பணமும் வருகிறது. ஆனால் வேலை எந்த விதத்தில் போனது, எப்போது போனது, போனதற்குக் கையில் என்ன கடிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வருகிறது. இந்த மூன்றில் கடைசியில் உள்ளதுதான் நம் ஊரில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில், இது என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் வேலையிழப்புக்கு மட்டும் என்று தனிப் பாலிசி வாங்குவது அநேகமாக முடியாத காரியம். கடனோடு சேர்த்து விற்கப்படும் ஒரு தொகுப்புப் பாலிசிக்குள் அது ஒரு சிறு பகுதியாக வருகிறது. ஹெச்.டி.எஃப்.சி. எர்கோவின் ஹோம் சுரக்ஷா பிளஸ், ஐ.சி.ஐ.சி.ஐ. லாம்பார்டின் செக்யூர் மைண்ட் போன்றவை இந்த வகை. புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற பெரு நோய்கள் வந்தால் ஒரு பெருந்தொகை, விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ ஒரு பெருந்தொகை, இவற்றுக்குக் கீழே கடைசி வரியாக வேலையிழப்பு. முதல் இரண்டும் பல லட்சங்கள். மூன்றாவது, பெரும்பாலான பாலிசிகளில், மூன்று மாதத் தவணைதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். "லோனுக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேன்" என்று சொல்பவர்களில் பலர் வைத்திருப்பது ஆயுள் காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மிச்சக் கடனை அடைக்கும் பாலிசி அது. அதில் வேலையிழப்புக்கு ஒரு ரூபாயும் கிடையாது. உங்களிடம் இருப்பது எது என்று தெரிய, வங்கி தந்த காப்பீட்டுச் சான்றிதழை எடுத்துப் பலன்கள் பட்டியலைப் பாருங்கள். 'லாஸ் ஆஃப் ஜாப்' என்று தனியாக ஒரு வரி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சான்றிதழே வரவில்லை என்றால் வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டும். மூலப் பாலிசி வங்கியின் பெயரில் குழுப் பாலிசியாக இருக்கும். உங்களுக்கு வருவது அதிலிருந்து ஒரு சான்றிதழ் மட்டுமே. அதனால்தான் பலர் தாங்கள் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்பதையே மறந்துபோகிறார்கள்.

பணம் எப்படி வருகிறது என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான், ஆனால் எண்கள் நடப்புக்கு ஒத்தவை. 40 லட்ச ரூபாய் கடன், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம். மாதத் தவணை 34,713 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கணக்கிலிருந்து எடுக்கப்படும். பாலிசி 2024 ஜூன் 1 அன்று தொடங்குகிறது. அதில் இரண்டு நிபந்தனைகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் 90 நாளுக்குள் வேலை போனால் எதுவும் கிடையாது. அதன்பிறகு வேலை போனாலும், போன நாளிலிருந்து முதல் 30 நாளைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நாள்களின் எண்ணிக்கை பாலிசிக்குப் பாலிசி மாறும், ஆனால் இந்த இரண்டு வகை நிபந்தனையும் வழக்கமாக இருப்பவை.

முதல் நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. நிறுவனத்தில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதன்பிறகு ஓடிப்போய்க் காப்பீடு எடுப்பதைத் தடுக்கத்தான் அது. அறிவிப்பு முன்பே வந்திருந்தால், 90 நாள் கழிந்தாலும் மறுப்பதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது நிபந்தனை, ஓரிரு வாரத்திலேயே வேறு வேலை கிடைத்துவிடும் சிறு இடைவெளிகளைக் கழிப்பதற்கு.

நம் ஆள் 2025 ஜனவரி 31 அன்று ஆட்குறைப்பில் வேலை இழக்கிறார். 90 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. பிப்ரவரி 5ஆம் தேதித் தவணை அந்த 30 நாளுக்குள் வருகிறது, அதை அவர்தான் கட்ட வேண்டும். மார்ச் 2ஆம் தேதியோடு 30 நாள் முடிகிறது. மார்ச் 5, ஏப்ரல் 5, மே 5 ஆகிய மூன்று தவணைகளும் காப்பீட்டுக்குள் வரும். ஆனால் ஏப்ரல் 21 அன்று அவருக்குப் புது வேலை கிடைத்துவிடுகிறது. அதோடு பலனும் நின்றுவிடும். ஆக அவருக்குக் கிடைப்பது இரண்டு தவணை, 69,426 ரூபாய். முழு மூன்று தவணையும் கிடைத்திருந்தால் 1,04,139 ரூபாய்.

இங்கே யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் பணம் தரும் வரைக்கும் வங்கி காத்திருக்காது. மார்ச் 5 அன்று கணக்கில் பணம் இல்லையென்றால் தவணை பவுன்ஸ் ஆகும், அபராதம் விழும், சிபில் மதிப்பெண் சரியும். கிளெய்ம் பரிசீலனையில் இருக்கிறது என்பது வங்கிக்கு ஒரு காரணமே இல்லை. வேலையில்லாத ஒவ்வொரு மாதத்துக்கும், இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே அந்த மாதத்துக்கான பணம் வரும். பழைய பாக்கி, அபராத வட்டி, கட்டாமல் விட்ட முந்தைய தவணை ஆகியவற்றை அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே முதல் இரண்டு மூன்று தவணைக்கான பணம் கையிருப்பில் இருந்தே ஆக வேண்டும். இந்தக் காப்பீடு அந்தப் பணத்தைப் பின்னால் ஈடுகட்டும், முன்னால் தராது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தப் பாலிசிகள் எல்லாவற்றிலும் விலக்குப் பட்டியலின் முதல் வரிகளில் இருப்பது தானாக முன்வந்து வேலையை விட்டது, அதாவது ராஜினாமா. படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும். வேலை பிடிக்கவில்லை என்று நாமே விட்டுவிட்டு வந்தால் காப்பீட்டு நிறுவனம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? சரிதான்.

ஆனால் நம் தனியார் அலுவலகங்களில் வேலை எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாயிலில் நிறுத்தி "நாளையிலிருந்து வராதே" என்று யாரும் சொல்வதில்லை. ஹெச்.ஆர். அறைக்கு ஒரு அழைப்பு வரும். மேலாளரும் உட்கார்ந்திருப்பார். "நிறுவனத்தின் நிலைமை உங்களுக்கே தெரியும். உங்க புராஜெக்ட் முடிஞ்சுபோச்சு. நீங்களே பேப்பர் போட்டுட்டீங்கன்னா ரிலீவிங் லெட்டர் கிளீனா வரும், அடுத்த கம்பெனியில பிரச்சினை வராது. நாங்க டெர்மினேட் பண்ணா உங்களுக்குத்தான் கஷ்டம்." அரை மணி நேரத்தில் முடிவு சொல்லச் சொல்வார்கள். அறையிலிருந்து வெளியே வந்து, கணினியில் ராஜினாமா பொத்தானை அழுத்திவிடுவார். குடும்பத்தோடு பேசக்கூட அவகாசம் இருக்காது.

அந்த அழுத்தம் உண்மை, வேலை போனதும் உண்மை. ஆனால் ஆவணத்தில் பதிந்திருப்பது ராஜினாமா. மூன்று வாரம் கழித்து அவர் கிளெய்ம் விண்ணப்பம் போடும்போது, காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் தாளே பணிநீக்கக் கடிதம்தான். அது அவரிடம் இருக்காது. இருப்பது "உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது" என்று தொடங்கும் ரிலீவிங் லெட்டர். நிறுவனத்துக்கு ஃபோன் போட்டு உறுதிசெய்தாலும் ஹெச்.ஆர். அதையே சொல்வார். கிளெய்ம் அங்கேயே முடிந்துவிடும். வாங்கும்போது சொன்ன "வேலை போனால்" என்ற சொல்லுக்கும், பாலிசியில் எழுதியிருக்கும் "முதலாளியால் நீக்கப்பட்டால்" என்ற சொற்றொடருக்கும் நடுவே அந்த மனிதர் விழுந்துவிடுகிறார். விற்றவர் இதை விளக்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் விளக்குவதில்லை, ஏனென்றால் விற்றவருக்கே தெரியாது.

அப்படியானால் என்ன செய்வது? ராஜினாமா கொடுக்காதீர்கள் என்று ஒரே வரியில் அறிவுரை சொல்வது எளிது. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தும் அறிவுரை இல்லை. இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிறுவனம் ராஜினாமாவுக்குப் பதிலாக என்ன தருகிறது என்று முதலில் கேளுங்கள். நோட்டீஸ் காலச் சம்பளம் மட்டும்தான் என்றால், அது நியமன ஆணையின்படி அவர்கள் எப்படியும் கொடுக்க வேண்டிய பணம். அதைச் சலுகை என்று சொன்னால் ஏமாறக் கூடாது. அந்த நிலையில், உங்களிடம் வேலையிழப்புக் காப்பீடு இருந்தால், "ஆட்குறைப்பு காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்" என்று எழுதிய கடிதத்தைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவ்வளவு வேண்டாம் என்று நினைத்தால், குறைந்தபட்சம் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு மின்னஞ்சலாவது அனுப்ப வேண்டும். "இன்று நடந்த கூட்டத்தில், எனது பணியிடம் நீக்கப்படுவதால் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள்" என்று தேதியோடு. அது கிளெய்மை உறுதியாகப் பெற்றுத்தரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்னால் மேல்முறையீடு செய்ய அது ஒன்றுதான் கையில் இருக்கும் சான்று.

நோட்டீஸ் சம்பளத்துக்கு மேலாக இரண்டு மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், ராஜினாமா கடிதமோ பரஸ்பர ஒப்பந்தமோ கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னால் கதை வேறு. நம் ஆளின் கைச் சம்பளம் மாதம் 85,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதச் சம்பளம் 1,70,000 ரூபாய். காப்பீட்டில் அதிகபட்சம் கிடைக்கக்கூடியது 1,04,139 ரூபாய், அதுவும் மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தால். நிறுவனத்தின் பணம் உறுதியானது, உடனே வருவது, அவர் அடுத்த மாதமே வேலைக்குப் போனாலும் திரும்பக் கேட்கமாட்டார்கள். அப்போது அதை வாங்கிக்கொள்வதே மேல். ஆனால் வாங்கும்போது ஒன்றைத் தெளிவாக மனதில் வைக்க வேண்டும்: அந்தக் கையெழுத்தோடு காப்பீட்டுப் பணம் பெரும்பாலும் போய்விட்டது. பரஸ்பர ஒப்பந்தத்தின்படி விலகியவரைத் தானாக விலகியவர் என்றே காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொள்ளும். இரண்டும் வரும் என்று குடும்பத்தின் வரவு செலவைப் போட்டுவிடக் கூடாது.

தொழிலாளர் சட்டத்திலும் இதே கோடு ஓடுகிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ஆட்குறைப்பை வரையறுத்தபோது, ஒழுங்கு நடவடிக்கையாகத் தரப்படும் தண்டனை தவிர, வேறு எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது என்று சொன்னது. தானாக ஓய்வு பெறுவதும், ஓய்வு வயதை எட்டுவதும், ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாததும், நீடித்த உடல்நலக் குறைவுக்காக நீக்கப்படுவதும் ஆட்குறைப்பு ஆகாது என்றும் சொன்னது. காப்பீட்டு பாலிசிகளின் விலக்குகளைப் படித்தால் இந்தப் பட்டியலின் சாயல் தெரியும்.

அடுத்த பெரிய விலக்கு, வேலைத் திறன் போதவில்லை என்று நீக்கப்படுவது. இதிலும் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பல நிறுவனங்கள் ஆள் குறைக்கும்போது அதை ஆட்குறைப்பு என்று வெளியே சொல்வதில்லை. மதிப்பீட்டில் கீழே இருப்பவர்களைப் பிடித்து, முதலில் திறன் மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றில் போடுவார்கள். ஐ.டி. வட்டாரத்தில் பி.ஐ.பி. என்றால் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மூன்று மாதம் கழித்து "எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை" என்று ஒரு கடிதம். உண்மைக் காரணம் செலவுக் குறைப்பாக இருக்கலாம். ஆனால் கடிதத்தில் காரணம் திறன். அந்தக் கடிதம் பாலிசியில் விலக்கு. அதனால் பி.ஐ.பி.யில் போடப்பட்டவர் தனக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டுகளின் நல்ல மதிப்பீட்டுத் தாள்களைத் தன் சொந்தக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது, புராஜெக்ட் மூடப்பட்டது என்பதற்குச் சான்று இருந்தால் அதையும்.

மற்ற விலக்குகளை வேகமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவற்றில் குழப்பம் குறைவு. மோசடி, நாணயமின்மை, ஒழுங்கீனம் ஆகிய காரணங்களால் நீக்கப்பட்டால் கிடையாது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்குக் கிடையாது. ஒப்பந்தப் பணியாளருக்கும் பருவகால வேலைக்காரருக்கும் கிடையாது. ஓய்வு வயதிலோ முன்கூட்டிய ஓய்விலோ போனால் கிடையாது. காப்பீடு எடுப்பதற்கு முன்பே இருந்த நோயால் வேலைக்குப் போக முடியாமல் நின்றுபோனால் கிடையாது. குழந்தை பிறப்புக்காகவோ பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ வேலையை விட்டால் அது தானாக விட்டதுதான். சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தால், அது வேலையிழப்பு இல்லை. 2020இல் கொரோனா காலத்தில் சம்பளம் வெட்டப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போகவில்லை, சம்பளம்தான் போனது. அவர்களுக்கு அன்று கைகொடுத்தது இந்தக் காப்பீடு அல்ல, ரிசர்வ் வங்கி அறிவித்து ஆகஸ்ட் வரை நீட்டித்த தவணை ஒத்திவைப்பு. அதற்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

சொந்தத் தொழில் செய்பவருக்கு இதில் எதுவும் இல்லை. கடையை மூடினாலும், வாடிக்கையாளர் போனாலும் அது வேலையிழப்பு ஆகாது. அப்படியிருந்தும் தொகுப்பு ஒன்றாக விற்கப்படுவதால், மருந்துக்கடைக்காரரும் டாக்ஸி உரிமையாளரும் அந்த வரியைத் தாங்கிய பாலிசியை வாங்கியிருப்பார்கள். அரசு ஊழியரின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். ஆட்குறைப்பு என்பது அவருக்கு அநேகமாக நடக்காத காரியம், ஒழுங்கு நடவடிக்கையில் போனால் விலக்கு. இவர்கள் தொகுப்பை வாங்குவதென்றால் பெரு நோய்க்காகவும் விபத்துக்காகவும் வாங்க வேண்டும், வேலையிழப்பு என்ற வாசகத்துக்காக அல்ல.

இருவர் சம்பளத்தில் கடன் வாங்கிய வீடுகளில் வேறொரு பிரச்சினை. கணவன், மனைவி இருவரும் சேர்ந்துதான் தவணை கட்டுகிறார்கள். பாலிசி முதல் விண்ணப்பதாரர் பெயரில் மட்டும் இருக்கிறது. மனைவி வேலை இழந்தால் வீட்டில் பாதி வருமானம் போகும், ஆனால் காப்பீட்டுக்குப் பொருட்டில்லை. சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் விடக் கூடாது.

இங்கிலாந்தில் இதே வகைப் பாதுகாப்பு பல பத்தாண்டுகள் விற்கப்பட்டது. விபத்து, நோய், வேலையிழப்பு வந்தால் கடன் தவணையைக் கட்டும் என்று வங்கிகள் விற்ற அந்தப் பாலிசியைப் பி.பி.ஐ. என்றார்கள். சொந்தத் தொழில் செய்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஏற்கெனவே நோயுற்றவர்கள் என்று கிளெய்ம் செய்யவே முடியாதவர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். கட்டாயம் என்று நினைத்து வாங்கியவர்களும், வாங்கியதே தெரியாதவர்களும் உண்டு. பின்னர் அந்த வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு 3,800 கோடி பவுண்டுக்கும் மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. முறையிடக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29 என்று அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை ஆணையம் விளம்பரம் செய்து அறிவித்தது. பாலிசி என்பது மோசமான பொருள் அல்ல, பொருந்தாத ஆளுக்கு விற்றதுதான் குற்றம் என்று அங்கே தீர்மானமானது. நம் ஊரில் அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் விற்கும் முறையைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்புக்குப் பிரீமியம் பெரும்பாலும் ஒரே தடவையில் வாங்கப்படுகிறது. கையில் பணம் கேட்டால் யாரும் தயங்குவார்கள் என்பதால், அதைக் கடன் தொகையோடு சேர்த்துவிடுவார்கள். 60,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். அதே 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குச் சேர்த்தால் மாதத் தவணை சுமார் 521 ரூபாய் கூடும். சிறிய தொகையாகத் தெரியும். ஆனால் கடைசி வரை கட்டினால் அது சுமார் 1,25,000 ரூபாய். இதிலும் பெரிய விஷயம், பாலிசியின் காலம் வழக்கமாக ஐந்து ஆண்டுதான். கடன் 20 ஆண்டு. ஆறாவது ஆண்டில் பாதுகாப்பு முடிந்துவிடும், அதற்கான தவணை மட்டும் இன்னும் பதினைந்து ஆண்டு ஓடும். அந்த ஐந்தாண்டிலும் வேலையிழப்புப் பலனை ஒரே ஒரு முறைதான் கேட்கலாம் என்று எழுதியிருக்கும் பாலிசிகள் உண்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அந்த 60,000 முழுவதும் வேலையிழப்புக்கானது அல்ல. பெரு நோய்க்கும் விபத்துக்கும் சேர்த்துத்தான். அவை தேவைப்படுபவருக்கு மதிப்புள்ளவை. ஆனால் அவற்றைத் தனித்தனியாகவும் வாங்க முடியும், விலையை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வேலையிழப்புப் பகுதியின் அதிகபட்ச மதிப்பு மூன்று தவணை, நம் உதாரணத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம். அந்தப் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வைத்திருப்பவருக்கு ராஜினாமா, பி.ஐ.பி., 90 நாள், 30 நாள் எதுவும் தடையில்லை. என்னைக் கேட்டால், வேலையிழப்பு என்ற ஒன்றுக்காக மட்டும் இந்தத் தொகுப்பை எடுக்க வேண்டாம் என்பேன். மற்ற இரண்டு பாதுகாப்பும் உங்களிடம் இல்லாமல் இருந்து, நிரந்தரத் தனியார் வேலையில் இருந்து, விலையும் ஒத்துவந்தால் எடுக்கலாம்.

எடுக்கத்தான் வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்த முடியாது. "இது போட்டாத்தான் லோன் பாஸாகும்" என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய தனிநபர் கடன்களுக்கு வங்கி முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. வங்கி மூலமாக வசூலிக்கப்படும் காப்பீட்டுக் கட்டணமும் அந்தத் தாளில் காட்டப்பட வேண்டும், கடனின் உண்மையான ஆண்டுச் செலவு விகிதத்தில் சேர்க்கப்பட வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளை வாங்கிக் காப்பீட்டு வரியைத் தேடிப் பார்த்தால், உங்களுக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். வாங்கிய பிறகு வேண்டாம் என்று தோன்றினால், சான்றிதழில் ஃப்ரீ லுக் காலம் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள் எழுத்தில் ரத்து செய்யலாம்.

கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலோ முன்கூட்டியே அடைத்தாலோ பாலிசி என்ன ஆகும் என்பதையும் கேட்டு வையுங்கள். சிலவற்றில் கடனோடு பாதுகாப்பும் முடியும். அப்போது மிச்சக் காலத்துக்கான பிரீமியம் திரும்ப வர வேண்டும். ஆனால் கேட்காமல் தானாக வராது.

வேலை போய்விட்டது, பாலிசியும் இருக்கிறது என்றால், முதல் வாரத்திலேயே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். வங்கிக்குச் சொன்னால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பணிநீக்கக் கடிதம், நியமன ஆணை, பணி நிரந்தரமானதற்கான கடிதம், கடைசிச் சில மாதச் சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் அறிக்கை, கடன் கணக்கு அறிக்கை ஆகியவை கேட்பார்கள். இதில் பாதி, அலுவலக மின்னஞ்சலிலும் ஹெச்.ஆர். தளத்திலும்தான் இருக்கும். கடைசி வேலை நாளன்று மாலையில் அந்தக் கதவு மூடிவிடும். சம்பளச் சீட்டுகளையும் மதிப்பீட்டுத் தாள்களையும் மாதாமாதம் தன் சொந்தக் கணினியில் சேமித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சிரமமில்லை. மற்றவர்கள், ஹெச்.ஆர். அழைப்பு வந்த அன்றே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளெய்மை மறுத்தால், எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பாலிசி நிபந்தனைக்குள் வரவில்லை" என்ற பொதுப் பதில் போதாது. பிறகு அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். அங்கேயும் மறுத்தாலோ, ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே விசாரிக்கலாம். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். புகாரில் எழுத வேண்டியது வேலை போன வேதனையை அல்ல. எந்தத் தேதியில் கூட்டம் நடந்தது, யார் என்ன சொன்னார், அன்று மாலை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் எது, அதே மாதத்தில் அந்தக் குழுவில் எத்தனை பேர் போனார்கள் என்பதைத் தேதி வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளை இணைத்து எழுத வேண்டும். கட்டாயத்தால் கொடுத்த ராஜினாமா தானாக முன்வந்தது ஆகாது என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் அந்த வாதம் அந்தத் தாள்களின் மேல்தான் நிற்கும்.

விற்றதே தவறு, கட்டாயப்படுத்தி விற்றார்கள் என்பதுதான் உங்கள் புகார் என்றால் அது வேறு பாதை. முதலில் வங்கிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in என்ற தளத்தில் பதிவு செய்யலாம். அங்கே முக்கிய விவரத் தாளின் நகலையும், காப்பீட்டு விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். அதனால் கடன் பத்திரங்களோடு அந்த விண்ணப்பத்தின் நகலையும் கையெழுத்துப் போடும் நாளிலேயே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.